இரண்டு கிராம் லெசித்தினும் 160 கிராம் எண்ணெயும்: மஞ்சள் கரு இல்லாத மயோனைஸ் எங்கே உடைந்தது

சமையல் அறிவியல் வினா-விடையில் தவறாமல் வரும் கேள்வி இது: மயோனைஸ் ஏன் பிரிவதில்லை? விடை பலருக்கும் மனப்பாடம். மஞ்சள் கருவில் லெசித்தின் இருக்கிறது, அதன் ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை எண்ணெயை விரும்பும், அதனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு மதிப்பெண். அவ்வளவுதான்.

விடை சரியென்றால் மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, அதிலுள்ள அளவுக்கு லெசித்தின் தூளைப் போட்டால் மயோனைஸ் வரவேண்டும். லெசித்தின் பாக்கெட்டில் கிடைக்கிறது. சோயாவிலிருந்து எடுத்து, எண்ணெய் நீக்கி, வெளிர்பழுப்புக் குருணையாக வரும். செய்து பார்த்தேன். வரவில்லை. ஆனால் அது எந்த இடத்தில் உடைந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

முதலில் சாமான்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. கம்பி விஸ்க். அடியில் ஈரத்துணி போட்டு ஆடாமல் நிறுத்திய குழிந்த கிண்ணம். மூடியில் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் புட்டி, எண்ணெய் சொட்டுவதற்கு. கைப்பிளெண்டர், அதன் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஒடுங்கிய உயரமான ஜாடி. இவற்றோடு ஒரு மல்டிமீட்டர். சமையலறையில் மல்டிமீட்டர் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மயோனைஸ் என்பது நீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் பால்மம். நீர் தொடர்ச்சியாக இருக்கும்வரை, அதிலும் உப்பும் வினிகரும் கரைந்திருப்பதால், மின்சாரம் கடத்தும். அது தலைகீழாகி எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் என்று ஆகிவிட்டால் கடத்தாது, மீட்டரில் OL என்று வந்துவிடும். கண்ணுக்குச் சந்தேகம் வரும் இடத்தில் மீட்டருக்குச் சந்தேகம் வராது. சோதிக்க வேண்டியதை ஒரு கரண்டியில் தனியாக எடுத்து, முனைகளை அதில் தோய்த்துப் பார்த்துவிட்டு அந்தக் கரண்டியில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டும். கிண்ணத்துக்குள் முனையை விடக்கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே என்று வழக்கமான மயோனைஸை முதலில் செய்தேன். கடுகு போடவில்லை. கடுகிலுள்ள கோழைப்பசையும் பால்மத்தைத் தாங்கும், அது இருந்தால் யார் வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். மஞ்சள் கரு 18 கிராம், வினிகர் 12, தண்ணீர் 8, உப்பு 2. மொத்தம் 40 கிராம். எண்ணெய் 160 கிராம். ஆகக் கடைசியில் எண்ணெயின் பங்கு 80 சதவீதம். வாசனையற்ற சுத்திகரித்த எண்ணெய்தான் எடுத்தேன். சுத்திகரிக்காத ஆலிவ் எண்ணெயில் செய்தால் நன்றாகக் கட்டியபிறகும் சில மணி நேரத்தில் பிரியக்கூடும். இந்த மாதிரிச் சோதனைக்கு அது ஆகாது. முட்டை பச்சையாகப் போவதால் பாஸ்டரைஸ் செய்ததை எடுப்பது நல்லது.

மஞ்சள் கருவில் முதலில் உப்பை மட்டும் போட்டுக் கலக்கிச் சில நிமிடம் விட்டேன். இந்தச் சில நிமிடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கரு கண்ணெதிரே நிறம் ஆழ்ந்து, பளபளத்து, சற்றுப் பாகு போல ஆகிறது. கருவுக்குள் இறுகிக் கிடக்கும் புரதத் துகள்கள் உப்பு பட்டதும் அவிழ்கின்றன; அவிழ்ந்தவைதான் பிறகு எண்ணெய்த் துளிகளைப் போய் மூடும். அதன்பின் வினிகர், தண்ணீர்.

எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தேன். முதல் 20 கிராம்வரை ஒரு சொட்டு மறைந்தபிறகுதான் அடுத்தது. 60 கிராம் போனபோதும் நீர்த்த கிரீம்தான், விஸ்க்கைத் தூக்கினால் வழிந்து ஓடியது. 70ஐத் தாண்டியதும் விஸ்க் போன தடம் கிண்ணத்தில் நிற்கத் தொடங்கியது. 115 போனபோது கை வலித்தது. 160இல் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் அசையவில்லை.

அந்த எண்கள் தற்செயல் அல்ல. ஒரே அளவான கோலிக்குண்டுகளை ஒரு பெட்டியில் வாரிக் கொட்டினால், எப்படிக் குலுக்கினாலும் அவை பெட்டியின் கொள்ளளவில் ஏறக்குறைய 64 சதவீதத்தைத்தான் அடைக்கும். பொறுமையாக ஒழுங்காக அடுக்கினால் 74. அதற்குமேல் வைக்க வேண்டுமென்றால் குண்டுகள் நசுங்கியாக வேண்டும். என் 40 கிராமுக்கு 64 சதவீதம் என்பது 71 கிராம் எண்ணெய். 74 என்பது 114 கிராம். இவை எடைக் கணக்கு, துளிகளும் பல அளவில் இருக்கும், அதனால் கிராம் சுத்தமாகப் பொருந்தாது. ஆனாலும் கெட்டிப்படத் தொடங்கிய இடமும் கை வலித்த இடமும் அந்த இரண்டு எண்களுக்கு அருகில்தான் விழுந்தன. மயோனைஸ் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதில் கெட்டியான ஏதோ ஒன்று இருப்பதல்ல. எண்ணெயும் ஓடும், வினிகரும் ஓடும். துளிகளுக்கு நகர இடமில்லை, அதனால் நிற்கிறது.

அப்படியென்றால் 80 சதவீதத்தில் ஒவ்வொரு துளியும் பக்கத்துத் துளியோடு நசுங்கி, தட்டையான சுவராக ஒட்டி நிற்கிறது. நடுவில் இருப்பது மெல்லிய நீர்ப்படலமும் அதன் இருபக்கத் தோலும்தான். அந்தத் தோல் கிழிந்தால் இரண்டு துளி ஒன்றாகும், அப்புறம் நான்கு, அப்புறம் எல்லாம். கேள்வி இப்போது மாறிவிட்டது: லெசித்தின் எண்ணெயையும் நீரையும் சேர்க்குமா என்பதல்ல, அது தரும் தோல் இந்த நெருக்கடியைத் தாங்குமா?

சரி, லெசித்தின் கிண்ணத்துக்கு வருவோம். மஞ்சள் கருவின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பாஸ்போலிப்பிட் இருக்கும். சமையல் பேச்சில் லெசித்தின் என்பது இதைத்தான். 18 கிராம் கருவுக்கு 1.7 கிராம் சுமார். நான் 2 கிராம் எடுத்தேன், குறைந்துவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. தண்ணீர் 24, வினிகர் 12, உப்பு 2. மொத்தம் அதே 40.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில் குருணை ஊறவே இல்லை. உப்பும் புளிப்பும் கலந்த நீரில் லெசித்தின் விரிந்து பரவாமல், ஈரத் தவிடு போலத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் லெசித்தினை மட்டும் போட்டு அரை மணி நேரம் விட்டேன். இந்த முறை வழவழப்பான, கலங்கலான, பச்சைப் பயறு வாடை அடிக்கும் வெளிர்பழுப்பு நீர் கிடைத்தது. உப்பையும் வினிகரையும் அதன்பிறகே சேர்த்தேன்.

ஆரம்பம் ஏமாற்றியது. எண்ணெய் சுலபமாக உள்ளே போனது. மஞ்சள் கருவை விடச் சுலபமாகக்கூட. துளிகளை உடைப்பதற்குச் சிரமமே இல்லை. லெசித்தினின் உண்மையான திறமை இதுதான்: எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவில் உள்ள இழுவிசையைக் குறைத்துவிடுவதால், பெரிய துளி சின்னத் துளியாக உடைய அதிக பலம் தேவைப்படுவதில்லை. 60 கிராமில் வெள்ளைக் கிரீம் மாதிரியே இருந்தது. மீட்டரும் கடத்துகிறது என்றே காட்டியது. ஒரு சொட்டைத் தண்ணீர் டம்ளரில் விட்டேன், பால் மாதிரிக் கலைந்து பரவியது. நீர்தான் வெளிப்புறம் என்பதற்கு மீட்டர் இல்லாதவர்கள் செய்யக்கூடிய சோதனை இது.

70 வந்தது. கரு கிண்ணத்தில் தடம் நிற்கத் தொடங்கிய இடம். இங்கே லேசாகக் கனத்தது, ஆனால் தடம் நிற்கவில்லை. 90க்கு அருகே கிண்ணத்தின் விளிம்பில் ஒரு மினுமினுப்பு. உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவு எண்ணெய்க் கண்கள், விஸ்க் கம்பி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பளபளப்பான கோடு. இதுதான் எச்சரிக்கை. மேற்பரப்பு மங்கலாக இருக்கும்வரை நல்லது. எண்ணெய் பூசியது போல மின்ன ஆரம்பித்தால் சில துளிகள் ஏற்கெனவே ஒன்று சேர்ந்துவிட்டன. சோதனையாயிற்றே என்று நிறுத்தாமல் விட்டேன். 100 கிராமில், அதாவது 71 சதவீதத்தில், விஸ்க் இரண்டு சுற்றுப் போவதற்குள் மொத்தமும் சரிந்தது. வெள்ளை நிறம் போய் மஞ்சளாகி, வழுக்கும் எண்ணெயாகி, அதில் வெண்மையான திவலைகள் நீந்தின. மீட்டரில் OL. டம்ளர் நீரில் விட்ட சொட்டு கலையாமல் உருண்டையாக மேலே மிதந்தது. வெறுமனே பிரியவில்லை, தலைகீழாகியும் இருந்தது.

கையால் அடித்தது போதவில்லையோ என்று, அதே அளவில் கைப்பிளெண்டரிலும் பார்த்தேன். துளிகள் இன்னும் சின்னதாகும், அதனால் கொஞ்சம் மேலே போகும் என்று எதிர்பார்த்தேன். போனதுதான், ஆனால் 80 சதவீதத்தை எட்டவில்லை. எண்ணெயை 60 கிராமோடு நிறுத்திய ஒரு ஜாடி மட்டும் பிழைத்தது. மறுநாள் அதில் மேலே தடித்த வெள்ளை அடுக்கு, கீழே கலங்கிய நீர், உச்சியில் தெளிவான எண்ணெய் ஒரு மெல்லிய வளையம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வெள்ளை அடுக்கு மேலே ஏறியது பெரிய குறை அல்ல. துளிகள் முழுசாகத்தான் இருக்கின்றன, எடை குறைவு என்பதால் மிதந்துவிட்டன, குலுக்கினால் திரும்பக் கலக்கும். தெளிந்த எண்ணெய் வளையம்தான் கெட்ட செய்தி. அங்கே தோல் கிழிந்து துளிகள் ஒன்றாகிவிட்டன, எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. பக்கத்தில் வைத்திருந்த கரு மயோனைஸில் இரண்டுமே இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. சோயா லெசித்தினும் முட்டை லெசித்தினும் ஒரே கலவை அல்ல. முட்டையில் பெரும்பங்கு பாஸ்படிடைல்கோலின். சோயாவில் அதோடு வேறு பாஸ்போலிப்பிட்களும் கணிசமாகக் கலந்திருக்கும், அவற்றில் சில எண்ணெயை வெளிப்புறமாக வைக்கும் பக்கம் சாய்பவை. தலைகீழானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இந்தத் தோல்வியை மட்டும் வைத்துப் புரதத்துக்கு மாலை போட முடியாது. மறுபக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும்: லெசித்தின் கிட்டத்தட்ட இல்லாமல், புரதம் மட்டும் இருந்தால்?

அதற்குப் பால். பாலில் பாஸ்போலிப்பிட் மிகக் கொஞ்சம், புரதம் மூன்று சதவீதத்துக்கு மேல். குளிர்ந்த பால் 80 கிராம், எண்ணெய் 160 கிராம், ஒடுங்கிய ஜாடியில். கைப்பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து, அசைக்காமல் ஓடவிட்டு, வெண்மை கீழிருந்து ஏறியபிறகு மெதுவாகத் தூக்கினேன். 67 சதவீதத்தில் கரண்டியில் நிற்கும் கிரீம் வந்தது. இந்தப் பங்கு லெசித்தின் உடைந்த இடத்தைவிடக் குறைவுதான், அதனால் இது மட்டும் எதையும் நிரூபிக்காது. அதன்பிறகு 10 கிராம் வினிகர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் சட்டென்று இறுகியது. நீர் கூடியிருக்கிறது, இளகத்தானே வேண்டும்? பால் புரதம் புளிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. துளிகளின் தோலும் நடுவிலுள்ள நீரும் சேர்ந்து ஒரு வலைபோல் ஆகிவிடுகிறது. அதே ஜாடியில் இன்னும் 80 கிராம் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், 73 சதவீதம். மினுமினுப்பு இல்லை. மறுநாள் எண்ணெய் வளையமும் இல்லை. வினிகரை முதலிலேயே ஊற்றினால் பால் திரிந்து மணல் மணலாகிவிடும். வரிசை முக்கியம்.

ஆக, மஞ்சள் கருவில் நடப்பது என்ன? அங்கே லெசித்தின் தனியாக மிதந்துகொண்டு இருப்பதில்லை. புரதத்தோடு சேர்ந்து, நடுவில் கொழுப்பு வைத்த நுண்ணிய உருண்டைகளாக இருக்கிறது; குறையடர்த்தி லிப்போபுரதம் என்பது அதுதான். எண்ணெய்த் துளி ஒன்று பக்கத்தில் வந்ததும் இந்த உருண்டை அதன்மேல் உடைந்து பரவுகிறது. லெசித்தின் பரவலைச் சுலபமாக்குகிறது, புரதம் தோலுக்கு உறுதி தருகிறது. இரண்டும் ஒரே மூட்டையாக வந்து சேர்வதுதான் கருவின் சாமர்த்தியம். தனி லெசித்தின் துளியை உடைக்க உதவும். உடைத்த துளிகளை 80 சதவீத நெரிசலில் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல.

உடைந்துபோன லெசித்தின் கிண்ணத்தைக் கொட்ட மனமில்லை, 100 கிராம் எண்ணெய் அதில் இருந்தது. மீட்கலாம். சுத்தமான இன்னொரு கிண்ணத்தில் ஒரு மஞ்சள் கருவை எடுத்து நன்றாக அடித்துக்கொண்டு, உடைந்ததை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக விட்டேன். உடைந்த கிண்ணத்துக்குள் கருவைப் போட்டு அடித்தால் வராது. அங்கே எண்ணெய் ஏற்கெனவே வெளிப்புறமாக இருக்கிறது, கருவையும் விழுங்கிவிடும். எப்போதும் நீர் உள்ள பக்கம்தான் அடியில் இருக்கவேண்டும், எண்ணெய் அதற்குள் வரவேண்டும். முழுவதும் உள்ளே போனபின் மிச்சமிருந்த 60 கிராம் எண்ணெயையும் சொட்டினேன். நின்றது. பயறு வாடை மட்டும் போகவில்லை.

வழக்கமான மயோனைஸ் உடைந்தால் புதுக் கரு பெரும்பாலும் தேவையே இல்லை. அதில் கரு ஏற்கெனவே இருக்கிறது. குறைவது நீர், அல்லது எண்ணெய் முதலில் வேகமாக விழுந்திருக்கும். புதுக் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர், அதில் உடைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக. இது வேலை செய்யாமல் போவது கரு சூட்டில் வெந்திருந்தால், அல்லது மயோனைஸை உறைவிப்பானில் வைத்து எடுத்திருந்தால். அந்த இரண்டிலும் புதுக் கருதான் வழி.

மீட்ட மயோனைஸ் முதலில் செய்ததைவிட இளக்கமாக இருந்தது. கூடுதல் லெசித்தின் புரதத்தைத் தோலிலிருந்து தள்ளிவிட்டதால்தான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சிறு மூலக்கூறுப் பால்மமாக்கிகள் அப்படிச் செய்யக்கூடியவைதான். ஆனால் கணக்குப் போட்டால் அதில் எண்ணெய் 73 சதவீதம், முதலாவதில் 80. அந்த வித்தியாசமே இளக்கத்துக்குப் போதும். எனவே இந்த ஜாடியை வைத்து அதைச் சொல்ல முடியாது.

இரண்டு மதிப்பெண் விடையை இப்போது எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: “மயோனைஸ் நீரில் எண்ணெய் வகைப் பால்மம். மஞ்சள் கருவின் லெசித்தின் எண்ணெய்-நீர் எல்லையின் இழுவிசையைக் குறைத்து எண்ணெயை நுண்துளிகளாக்க உதவுகிறது. அதனோடு பிணைந்துள்ள கருப் புரதங்கள் துளிகளைச் சுற்றி உறுதியான படலமாகி, அவை ஒன்றுசேராமல் தடுக்கின்றன. எண்ணெய்த் துளிகள் நெருக்கமாக அடைந்திருப்பதால் கெட்டித்தன்மை வருகிறது.” பழைய விடை பொய் அல்ல. பாதியில் நின்றுவிடுகிறது.

அடுத்தமுறை மாற்றவேண்டியவை சில. எல்லா அளவையும் பாதியாக்குவேன். 20 கிராம் அடிக்கலவையும் 80 கிராம் எண்ணெயும் போதும், இந்த வேலையில் செலவென்று போவது எண்ணெய் மட்டும்தான். அதற்குக் கிண்ணமும் சின்னதாக வேண்டும், இல்லாவிட்டால் விஸ்க் கலவையைத் தொடாமல் மேலே சுற்றும். எண்ணெய்ப் புட்டியைத் தராசிலேயே நிறுத்தி, குறையும் எடையைப் பார்த்துக் குறிப்பேன். இந்தத் தடவை கிண்ணத்தைத் தூக்கித் தூக்கி எடை போட்டதில் அடிப்பது நின்று நின்று போனது. மஞ்சள் கருவோடு 2 கிராம் லெசித்தின், எண்ணெய் சரியாக 80 சதவீதம் என்று ஒரு ஜாடி செய்தால்தான் அந்த இளக்கத்தின் காரணம் தெரியும். லெசித்தினை முதல் நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும். அரை மணி நேரத்தில் குருணையின் நடுப்பகுதி முழுசாக ஊறவில்லை, விஸ்க்கைக் கழுவும்போது கம்பிகளில் ஒட்டியிருந்தது.